கடைக்கு எந்த ஃப்ரிட்ஜ், 24,000 ரூபாயா, 33,000 ரூபாயா?

மளிகைக் கடையில் பால், தயிர் வைக்கக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் வேண்டும். அப்பாவும் மகளும் இரண்டு மாடலில் வந்து நிற்கிறார்கள்.

விலை: முதலாவது 24,000, இரண்டாவது 33,000.
கரண்ட்: முதலாவது வருடத்துக்கு 900 யூனிட், இரண்டாவது 600.
உழைப்பு: இரண்டுக்கும் 5 வருடம் என்று வைத்துக்கொண்டார்கள்.

“யூனிட் 10 ரூபாய்னா வருஷம் 3,000 மிச்சம், அஞ்சு வருஷத்துல 15,000. ரெண்டாவதையே எடுத்துடலாம்மா.”

“அப்படியே கூட்டக் கூடாதுப்பா. கூடுதல் 9,000 இன்னிக்கே கையை விட்டுப் போகுது, மிச்சம் வருஷா வருஷம்தான் வரும். உங்க பணம் சரக்குல 12% சம்பாதிக்குதுன்னா, இன்னிக்கு 2,679 போட்டாலே ஒரு வருஷத்துல 3,000 ஆயிடும். அதனால முதல் வருஷ 3,000-க்கு இன்றைய மதிப்பு 2,679, அஞ்சாம் வருஷத்துக்கு 1,702தான். மொத்தம் சுமார் 10,800.”

“அப்பவும் 9,000-ஐ விட அதிகம்தானே?”

“ஆமாம்ப்பா, ஆனா 24% வட்டிக்குக் கடன் வாங்கினா அதே மிச்சம் இன்னிக்கு 8,200 ரூபாய்தான் பெறும்.”

இவர்களிடம் கைப்பணம் இருந்தது, அதனால் இரண்டாவதுதான் சரி. கடன் 24% என்றால் முதலாவதை எடுங்கள். அப்புறம், 12%-இல் கூட விலை வித்தியாசம் திரும்பி வர ஏறக்குறைய 4 வருடம் ஆகிறது, அதற்குள் கடையைக் காலி செய்ய நினைப்பவருக்கும் முதலாவதே போதும்.