காரில் கைபேசி: கம்பி இணைப்பா, கம்பியில்லா இணைப்பா?

கைபேசியின் வரைபடம், பாட்டு போன்றவற்றைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இரண்டையும் பல கார்களில் இருவழிகளிலும் இயக்கலாம் என்பதால், எதைத் தேர்வது என்ற தயக்கம் பலருக்கும் உண்டு.

இணைப்பு
கம்பி: செருகியதும் திரை வரும், சார்ஜ் ஏறியும் திரை வராவிட்டால், அது தரவுக் கம்பிகள் இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம்.
கம்பியில்லாதது: புளூடூத் அறிமுகம் செய்துவைக்க, வைஃபை படத்தைச் சுமக்கிறது, தொடங்கச் சற்றுத் தாமதமாகும்.

சார்ஜ்
கம்பி: காரின் பழைய யூஎஸ்பி துளை 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தரக்கூடும். வரைபடம் ஓடும்போது அது செலவுக்கே சரியாகிவிடும்.
கம்பியில்லாதது: சார்ஜ் தானாக ஏறாது, தனி ஏற்பாடு தேவை.

வெப்பம்
உண்மையான சிக்கல் இங்கேதான். கண்ணாடியை ஒட்டிய தாங்கியில் வெயில் நேராக விழ, வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் ஓட, கம்பியில்லாச் சார்ஜரும் தன் பங்குக்குச் சூடேற்றினால், கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். திரை மங்குவதும், சதவீதம் நகராமல் நிற்பதும் இதன் அடையாளங்கள். வரைபடம் காரின் திரையிலேயே தெரிவதால், கைபேசியை வெயிலில் நிறுத்தத் தேவையே இல்லை. நிழலான தட்டிலோ குளிர்காற்றுத் துவாரத்தின் முன்னோ வைக்கலாம்.

நீண்ட பயணத்துக்குக் கம்பியே ஏற்றது. அடிக்கடி ஏறி இறங்கும் குறும்பயணங்களுக்குக் கம்பியில்லா இணைப்பு வசதியானது. துளை 2.5 வாட் மட்டுமே தரும் கார் என்றால், திரையைக் கம்பியின்றி இணைத்து, 12 வோல்ட் துளையில் செருகிய வேகச் சார்ஜரிலிருந்து கேபிள் வழியே சார்ஜ் ஏற்றுவதையே பரிந்துரைப்பேன்.