தாமரைக் கல் 512: இருப்பேட்டைப் பூட்ட எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா?

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை, காரைக்குடியில் கிடங்கும் கடையும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே இருப்புப் பதிவேடு. கணக்கு எழுதும் நான், பட்டறையில் ஒரு தம்பி, கிடங்கில் ஓர் அண்ணன், கடையை நடத்தும் ஆச்சி என்று நான்கு பேர் அதைத் திறக்கிறோம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிலையில்தான் அது வெகுநாள் இருந்தது.

தாமரைப் பூ போட்ட பத்துக்குப் பத்து அங்குலக் கல்லின் தொடக்க இருப்பு 640. பட்டறையிலிருந்து 180 வந்தது. ஒரு வீட்டுக்கு 200 சதுர அடி போனது. இந்த அளவில் சதுர அடிக்கு 1.44 கல் என்பதால் அது 288 கல். உடைசல் 7. மீதி 525 என்று சூத்திரம் காட்டியது. கிடங்கு அண்ணன் அடுக்கை எண்ணினார், 512தான் இருந்தது. ஏடும் அடுக்கும் ஒத்துப்போகட்டும் என்று 525 தெரிந்த கட்டத்திலேயே 512 என்று அடித்துவிட்டார். அடித்ததும் அங்கிருந்த சூத்திரம் அழிந்தது.

அதற்குப் பிறகு 150 கல் வந்தது. 250 சதுர அடிக்கு 360 கல் போனது. உண்மையில் மீதி 302. ஏட்டிலோ 512 அசையாமல் நின்றது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டு 300 சதுர அடிக்கு, அதாவது 432 கல்லுக்கு, முன்பணம் வாங்கிவிட்டார். 130 கல் குறைவு. இந்தக் கல்லை வெளியில் வாங்கி அடைக்க முடியாது. கண்ணாடித் தட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்வது; ஒரு முறை வந்த நிறம் மறுமுறை அப்படியே வாராது. செய்த பின் தண்ணீரில் ஊற வேண்டும், உலர வேண்டும். "எண்ணினது நீங்கள்தானே அண்ணே, அப்புறம் எப்படிக் குறைந்தது?" என்று ஆச்சி கேட்டதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. அவர் எண்ணியது சரி, எழுதிய இடம்தான் தவறு.

அதன் பிறகுதான் பூட்டு தேடினேன்.

முதலில் எக்செல். அதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எக்செல்லில் எல்லாக் கட்டங்களும் பிறக்கும்போதே பூட்டப்பட்டவைதான். ஆனால் தாளுக்குக் காப்பு போடும் வரை அந்தப் பூட்டு வேலை செய்யாது. சூத்திரக் கட்டங்களைத் தேடித் தேடிப் பூட்ட வேண்டியதில்லை. நேர்மாறாக, மற்றவர்கள் எழுத வேண்டிய கட்டங்களைத் தேர்ந்து, Ctrl+1 அழுத்தி, Protection என்ற பக்கத்தில் Locked என்பதன் குறியை எடுத்துவிட வேண்டும். பிறகு Review > Protect Sheet. அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பூட்டிக்கொள்ளும்.

பூட்டு சரி, சாவிதான் சிக்கல். சிறு கடைகளில் எக்செல்லின் காப்பு ஆளைப் பார்ப்பதில்லை, கடவுச்சொல்லைப் பார்க்கிறது. கடவுச்சொல் ஒருவருக்குத் தெரிந்தால் ஒரு வாரத்தில் நால்வருக்கும் தெரியும். தெரியாதவரும் முனைந்தால் திறக்கலாம்: எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதற்குள் காப்பைக் குறிக்கும் ஒரு வரியை நீக்கினால் பூட்டு காணாமல் போகும். கைதவறுதலைத் தடுக்கும் வேலி அது, திருட்டைத் தடுக்கும் பெட்டகம் அல்ல.

இன்னொன்று, வெட்டி ஒட்டுதல். மீதியைக் கணக்கிடும் சூத்திரம் பூட்டியே இருக்கட்டும். அது பார்க்கும் வரவுக் கட்டம் திறந்துதானே இருக்கிறது? தவறான வரியில் எழுதிவிட்ட 180-ஐ ஒருவர் வெட்டி அடுத்த வரியில் ஒட்டினால், பூட்டிய சூத்திரமும் அதன் பின்னாலேயே அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த அடுத்த வரிக்கு உரிய சூத்திரம் #REF! என்று நிற்கும். பூட்டிய கட்டத்தை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் அது கெட்டுப்போகிறது. #REF! வந்த வரி கண்ணில் படும். தடம் மாறிய வரி படாது. நகல் எடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெட்டாதே என்று யாருக்கு எத்தனை முறை சொல்வது?

மாற்றக் குறிப்புக்கு எக்செல்லில் Review > Show Changes இருக்கிறது. யார், எப்போது, எந்தக் கட்டத்தில், எதை எதுவாக மாற்றினார் என்று அழகாகக் காட்டும். கோப்பு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருக்க வேண்டும்; காட்டுவது 60 நாள் வரைக்கும்தான். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் கிடங்கையும் எண்ணுகிறோம். வித்தியாசம் தெரியவரும்போது அதன் காரணம் 60 நாளைத் தாண்டியிருந்தால் குறிப்பு கைகொடுக்காது. மாதாமாதம் எண்ணுகிறவர்களுக்கு இது குறையே அல்ல.

கூகுள் ஷீட்ஸ் ஆளைப் பார்க்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு அதற்கு. ஆச்சிக்குப் பார்க்கும் உரிமை மட்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் எழுதும் உரிமை. பூட்டிய பகுதி எனக்கு மட்டும். Data > Protect sheets and ranges என்று போனால் இரண்டு வகை கேட்கும். ஒன்று எச்சரிக்கை மட்டும் காட்டுவது, மற்றொன்று உண்மையாகத் தடுப்பது. முதல் வகையை முதலில் வைத்துப் பார்த்தேன். வேலை அவசரத்தில் யாரும் எச்சரிக்கையைப் படிப்பதில்லை, சரி என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டாவதையே வையுங்கள்.

இதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அது மென்பொருளில் இல்லை. கோப்பின் உரிமையாளருக்கு எந்தப் பூட்டும் கிடையாது. நான்கு கைப்பேசிகளிலும் ஒரே ஜிமெயில் கணக்கை ஏற்றி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாரும் உரிமையாளர்தான்; பூட்டும் இல்லை, குறிப்பில் பெயர் வேறுபாடும் இல்லை. இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று விட்டால் பூட்டு நிற்கும், ஆனால் கணக்கில் நுழையாமல் திருத்தியவர் குறிப்பில் பெயரில்லாதவர் என்றுதான் வருவார்.

ஷீட்ஸில் ஒரு கட்டத்தின் மேல் வலச்சொடுக்கி Show edit history கேட்டால் அந்தக் கட்டத்தின் கதை வரும். ஆனால் வரி சேர்த்ததும் நீக்கியதும் அதில் வராது, சூத்திரத்தால் மாறிய எண்ணும் வராது. முழுப் பதிப்பு வரலாற்றைத் திறந்து பழைய நிலைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் மூன்று மாதத்தைப் புரட்டுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

ஆகவே மூன்றாவது வழிக்கு வந்தேன்: கூகுள் ஷீட்ஸேதான், ஆனால் ஒரே தாளைப் பங்கு போட்டுப் பூட்டாமல், ஆளுக்கு ஒரு தாள். 'பட்டறை' தாளில் தம்பி மட்டும் எழுதலாம், வரவு மட்டும். 'கிடங்கு' தாளில் அண்ணன் மட்டும். கிடங்கை விட்டுப் போனது எல்லாம் அதில். 'இருப்பு' தாளில் நான் தவிர யாரும் கைவைக்க முடியாது. பட்டறை, கிடங்கு ஆகிய இரண்டு தாள்களிலும் A நெடுவரிசையில் வரிசை எண்ணை முன்கூட்டியே அச்சடித்த பில் புத்தகம் போல நிரப்பிப் பூட்டிவிட்டேன். B தேதி, C பூவின் பெயர், D எண்ணிக்கை, E காரணம். பூட்டிய கட்டம் ஒன்று ஒவ்வொரு வரியிலும் இருப்பதால் வரியையே நீக்க அவர்களால் முடியாது. இருப்புத் தாளில் A பூவின் பெயர், B தொடக்க இருப்பு, மீதி இது:

```
=B2+SUMIFS('பட்டறை'!D:D,'பட்டறை'!C:C,A2)
   -SUMIFS('கிடங்கு'!D:D,'கிடங்கு'!C:C,A2)
```

முழு நெடுவரிசையையும் பார்ப்பதால், அதற்குள் யார் எதை வெட்டி எங்கே ஒட்டினாலும் இந்தச் சூத்திரம் தடம் மாறாது. மாறுவது அவரவர் வரி மட்டும்.

மாற்றக் குறிப்புக்கு 'பதிவு' என்று ஒரு தாளைச் சேர்த்து எனக்கு மட்டும் பூட்டினேன். பிறகு Extensions > Apps Script திறந்து இவ்வளவு எழுதினேன்:

```
function logEdit(e) {
  const r = e.range;
  e.source.getSheetByName('பதிவு').appendRow([
    new Date(), r.getSheet().getName(),
    r.getA1Notation(), e.oldValue ?? '', e.value ?? '']);
}
```

இதற்கு onEdit என்று பெயர் வைத்தால் தானாக ஓடும், ஆனால் திருத்துகிறவரின் உரிமையில் ஓடும். அவருக்குப் பூட்டிய 'பதிவு' தாளில் எழுத முடியாது. குறிப்பு விழாமலே போகும், யாருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை செலவானது. வேறு பெயர் வைத்து, Triggers பக்கத்தில் On edit என்று நாமே ஒரு விசையைச் சேர்க்க வேண்டும். அப்போது அது நம் உரிமையில் ஓடும். குறிப்புத் தாள் பூட்டியே இருக்கலாம்.

இதில் திருத்தியவர் பெயர் ஏன் இல்லை என்று கேட்கலாம். சாதாரண ஜிமெயில் கணக்குகளில் மற்றவரின் முகவரி இந்த நிரலுக்குப் பெரும்பாலும் வெற்றாகவே கிடைக்கும். அதனால்தான் ஆளுக்கு ஒரு தாள். 'கிடங்கு' என்று வந்தால் அது அண்ணன், என்னைத் தவிர வேறு யாராலும் அங்கே எழுத முடியாது. தாளின் பெயரே கையெழுத்து.

இந்த வழியின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். பல கட்டங்களை ஒரேயடியாக ஒட்டினாலோ அழித்தாலோ பழைய மதிப்பு குறிப்பில் வராது. D14:D20 என்று இடம் மட்டும் வரும், மற்றதற்குப் பதிப்பு வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். கோப்பைத் திருத்தும் உரிமை உள்ளவர் அதோடு ஒட்டிய நிரலையும் திறந்து மாற்ற முடியும். ஆகவே வம்புக்காரரிடமிருந்து இது காக்காது. அப்படி ஒருவர் இருந்தால் கூகுள் படிவம் கொடுங்கள்; அவருக்கு ஏட்டின் மேல் உரிமையே வேண்டாம், அனுப்பியது நேரத்தோடும், முகவரியைச் சேகரிக்கும்படி அமைத்திருந்தால் முகவரியோடும் விழும். ஒரு லாரியில் பன்னிரண்டு வகைக் கல் ஏறும்போது பன்னிரண்டு முறை படிவம் நிரப்பச் சொன்னால் அண்ணன் என்னை அடிக்க வருவார், அதனால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

பூட்டு போட்ட முதல் வாரமே அண்ணன் கேட்டார்: "இப்போது எண்ணும்போது குறைந்தால் நான் எங்கே எழுதுவது?" அன்று 512-ஐ அடிக்க வைத்ததும் இதே கேள்விதான், அதற்கு ஏட்டில் இடம் இல்லாமல் இருந்தது. அதனால் E நெடுவரிசையின் பட்டியலில் அனுப்பல், உடைசல் ஆகியவற்றோடு 'எண்ணிக்கை வித்தியாசம்' என்று ஒன்றைச் சேர்த்தேன். குறைந்தால் குறைந்த அளவு. மிகுந்தால் அதே எண் கழித்தல் குறியோடு. அந்தப் பழைய நாளையும் இதில் ஓட்டிப் பார்த்தோம்: தொடக்கம் 640, பட்டறை 180, கிடங்கில் 288, 7, வித்தியாசம் 13. மீதி 512. அடுத்து 150 வரவு, 360 அனுப்பல். 302.

அந்த 13 எங்கே போனது என்பது அடுத்த எண்ணலில் தெரிந்தது. பட்டறையிலிருந்து வண்டியில் வரும்போது உடைந்த கல்லைத் தம்பி முழு வரவாகவே எழுதி வந்திருக்கிறார். 'பட்டறை' தாளில் இப்போது அவர் எழுதுவது ஏற்றிய கல் அல்ல, இறக்கிய கல்.