லாகோசில் கைகொடுத்த யுஎஸ்டிடி, சேலத்தில் ஒத்துவருமா?

நைஜீரியாவில் லாகோஸ் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்துவிட்டு, இப்போது சேலம் அம்மாபேட்டைக்கே வந்துவிட்டேன். அங்கே சம்பளத்தில் ஒரு பங்கு அந்த நாட்டுப் பணமான நைராவில் வரும். அதை யுஎஸ்டிடியாக மாற்றி வைத்துப் பழகிய அனுபவத்தைத்தான் இங்கே சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர், "அண்ணா, டெபாசிட்ல போடறதுக்குப் பதிலா இத வாங்கி வெச்சா நல்லதாமே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலின் விரிவு இது.

யுஎஸ்டிடி என்பது டெதர் கம்பெனி வெளியிடும் டிஜிட்டல் டாலர். ஒன்று வாங்கினால் ஒரு டாலர் மதிப்பு. அதற்கு ஈடாக அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களைப் பெருமளவு வைத்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. பிட்காயின் மாதிரி ஏறி இறங்காது, வட்டியும் கிடையாது. டாலரைக் கையில் பிடித்து வைத்திருப்பது மட்டுமே இதன் வேலை.

அந்த வேலைக்கு லாகோசில் ஏன் அவ்வளவு தேவை இருந்தது என்றால், அப்போது அங்கே சாதாரண ஆளுக்கு டாலர் கிடைக்கவே கிடைக்காது. பேங்கில் கேட்டால் இல்லை என்பார்கள். நைரா கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு மாதம் 20 டாலர்தான் என்று சில வங்கிகள் 2022-ல் கட்டுப்பாடு போட்டன. மிச்சம் தெருவோர 'அபோக்கி' வியாபாரிகள்தான். அவர்களிடம் நோட்டுக் கட்டை வாங்கி வீட்டில் வைத்துத் தூங்க முடியாது.

2023 ஜூன் நடுவில் மத்திய வங்கி நைராவைச் சந்தை விலைக்கு விட்டது. அதற்கு முன் அரசு விலை டாலருக்கு 470 பக்கம். வெளிச்சந்தையில் ஏற்கெனவே 750 பக்கம் இருந்தது. எங்களுக்குக் கணக்கு எப்போதும் வெளிச்சந்தை விலைதான். அந்த சமயத்தில் 3 லட்சம் நைராவை 750-க்கு மாற்றியவர் கையில் 400 யுஎஸ்டிடி. 2024 பிப்ரவரியில் வெளிச்சந்தை 1,800-ஐத் தொட்டபோது அந்த 400-ன் மதிப்பு 7 லட்சத்து 20 ஆயிரம் நைரா. மாற்றாமல் வங்கியிலேயே விட்டவரின் 3 லட்சத்துக்கு அன்று 167 டாலர்கூடத் தேறவில்லை. அந்த வருஷக் கடைசியில் அரசுப் புள்ளிவிவரப்படியே விலைவாசி உயர்வு 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அரிசி மூட்டை, ஜெனரேட்டருக்கு டீசல், எல்லாமே டாலரைப் பார்த்து ஏறுகிற ஊர். சம்பளம் வந்த அன்றே மாற்றியாக வேண்டும் என்று என்னோடு வேலை பார்த்த நைஜீரியர்கள் துடித்தது பேராசையால் அல்ல.

வாங்குவது பி2பி முறையில்தான், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக. செயலி ஒரு இடைத்தரகர் மாதிரி. விற்பவரின் யுஎஸ்டிடியைப் பூட்டி வைத்துக்கொண்டு, நமக்குப் பெரும்பாலும் 15 நிமிஷம் கெடு கொடுக்கும். அதற்குள் அவருடைய வங்கிக் கணக்குக்கு நைரா அனுப்பிவிட்டு, செலுத்தியாயிற்று என்று பட்டனை அழுத்த வேண்டும். பணம் வந்ததைப் பார்த்து அவர் விடுவிப்பார். மத்திய வங்கி 2021 பிப்ரவரியில் கிரிப்டோ பக்கமே போகக்கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டிருந்ததால், அனுப்பும்போது குறிப்பில் கிரிப்டோ என்று யாரும் எழுத மாட்டார்கள். அந்தத் தடை 2023 டிசம்பரில்தான் நீங்கியது.

விற்கும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். பணம் வந்துவிட்டதாக வங்கி எஸ்எம்எஸ் மாதிரியே போலிச் செய்தி அனுப்புவார்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பக் கூடாது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத்தொகை கூடியிருக்கிறதா, அனுப்பியவரின் பெயரும் பி2பி கணக்கின் பெயரும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் விடுவிக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் நான் விடுவிக்கவே மாட்டேன். அது பெரும்பாலும் யாரையோ ஏமாற்றிய பணம். அப்புறம், சொந்த வாலட்டுக்கு மாற்றும்போது நெட்வொர்க் முக்கியம். நாங்கள் எல்லோரும் டிரான் நெட்வொர்க்கின் TRC20-தான். அதன் முகவரி T என்ற எழுத்தில் தொடங்கும். அந்த வாலட்டில் டிரானின் சொந்த நாணயமான TRX கொஞ்சம் இல்லாவிட்டால் யுஎஸ்டிடி இருந்தும் அனுப்ப முடியாது, கட்டணம் அதில்தான் போகும். பெரிய தொகை என்றால் முதலில் சின்னதாக ஒன்று அனுப்பி, போய்ச் சேர்ந்த பிறகே மிச்சம்.

நல்லது மட்டும் சொன்னால் நியாயமாகாது. 2024 பிப்ரவரியில் நைரா வீழ்ச்சிக்கு அரசு, பைனான்ஸ் என்ற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் மேல் பழி போட்டு, அதன் அதிகாரிகள் 2 பேரைப் பிடித்து வைத்தது. கொஞ்ச நாளில் பைனான்ஸ் நைரா சேவையையே நிறுத்திவிட்டது. யுஎஸ்டிடி பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அதை நைராவாக்கும் கதவு ஒரே வாரத்தில் மூடிக்கொண்டது. ஆட்கள் வேறு செயலிகளுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஓடினார்கள். குழுக்களில் பூட்டி வைக்கும் ஏற்பாடு இல்லாததால் அங்கே ஏமாந்தவர்களும் உண்டு.

அடுத்த அடி ஏப்ரலில். பயந்துபோய் 9 லட்சம் நைராவை 1,800-க்கு மாற்றிய சக ஊழியருக்கு 500 யுஎஸ்டிடி கிடைத்தது. ஏப்ரலில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு நைரா தேவைப்பட்டபோது விலை 1,150 பக்கம் இறங்கியிருந்தது. கைக்கு வந்தது 5 லட்சத்து 75 ஆயிரம். டாலர் விழவில்லை, நைரா எழுந்துவிட்டது. அதனால் மூன்று மாதச் செலவுக்கான நைராவைத் தொடாமல், அதற்கு மேல் உள்ளதை மட்டுமே நான் மாற்றிவந்தேன். யுஎஸ்டிசி என்ற இன்னொரு டிஜிட்டல் டாலர் 2023 மார்ச்சில், சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது, 88 சென்ட் வரை சரிந்து மீண்டதையும் பார்த்தேன். ஒரு டாலர் என்பது வாக்குறுதிதான்.

சரி, சேலத்துக்கு வருவோம். இங்கே யுஎஸ்டிடி டாலர் விலைக்கே கிடைப்பதில்லை, கூடுதலாகத்தான் விற்கிறார்கள். டாலர் 85 ரூபாய், யுஎஸ்டிடி 88 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 லட்சம் ரூபாய்க்கு சுமார் 1,136 வரும். ஒரு வருஷத்தில் ரூபாய் 3 சதவீதம் இறங்கி, அந்தக் கூடுதல் விலையும் அப்படியே நீடித்தால் 1 லட்சத்து 3 ஆயிரம். லாபம் 3,000-ல் 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 936 ரூபாய் போய்விடும், மிச்சம் 2,064. டெபாசிட்டில் ஆறரை சதவீதம் என்றாலும் 6,500, வரி நம் வருமானத்தைப் பொறுத்தது. கூடுதல் விலை மறைந்துவிட்டால் கையில் 99,500 தான். அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவும் 2022-லிருந்து சட்டம் விடாது. விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ்ஸை ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

இதைவிடப் பெரிய கவலை வங்கிக் கணக்கு. எனக்குத் தெரிந்த வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் இங்கே பி2பியில் யுஎஸ்டிடி விற்றார். அவருக்கு வந்த பணம் வேறு மாநிலத்தில் ஒரு மோசடியில் போன பணமாம். சைபர் கிரைம் புகார் வந்து அவருடைய கணக்கே முடங்கியது. வெள்ளிக்காரருக்குக் காசு கொடுக்க முடியாமல் பட்டறை நின்றது. எல்லாம் சட்டப்படி விற்றதற்கான ஆதாரங்களைத் திரட்டி அனுப்பியும் லேசில் விடவில்லை.

நான் கொண்டுவந்த மிச்சத்தை மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்ஐயுவில் பதிவு செய்த இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாக, ஆடிட்டரிடம் லாகோஸ் வாங்கல் ரசீதுகளையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் ரூபாயாக்கினேன். பட்டறைத் தம்பியிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, வெள்ளிக்குக் கொடுக்க வேண்டிய காசை இதில் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லாகோஸ் நண்பர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.