பழைய கணக்கா, ஊர்ச் சோதனையா?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிளை உள்ள ஒரு ஜவுளிக்கடை கேபிள் டிவி, எஃப்.எம்., பேஸ்புக் மூன்றிலும் விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் எதைப் பார்த்து வந்தார் என்பது தெரியாது. எந்த விளம்பரம் எவ்வளவு விற்றுத் தந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழி, இரண்டு மூன்று வருட வாராந்திர விற்பனையை விளம்பரச் செலவோடும் பண்டிகையோடும் வைத்து ரிக்ரெஷன் போடுவது, அதாவது விற்பனை ஏறி இறங்கியதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று புள்ளியியல் கணக்கால் பிரித்துப் பார்ப்பது. ஆனால் ஆடிக்கும் தீபாவளிக்கும் மூன்று செலவையும் ஒன்றாகத்தானே ஏற்றுகிறோம்? எது விற்றது என்று பிரியாது. ஒரு மாதத் தரவை நீக்கினாலே எண்கள் தலைகீழானால், பிரியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

மற்றது, கிருஷ்ணகிரியில் மட்டும் ஆறு வாரம் பேஸ்புக்கை நிறுத்துவது. தருமபுரி விற்பனையில் 80 சதவீதமாக இருந்த கிருஷ்ணகிரி விற்பனை 72 ஆனால், வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய சரிவு பேஸ்புக்கின் பங்கு. மாம்பழ சீசனில் வேண்டாம், கிருஷ்ணகிரியில் அப்போது பணப்புழக்கமே வேறு. எஃப்.எம். அலையோ ஊர் எல்லையில் நிற்காது, அதற்கு ரிக்ரெஷன்தான். என் ஓட்டு, முதலில் சோதனைக்கு. அந்த விடையைக் கொண்டு ரிக்ரெஷனைச் சரிபார்க்கலாம்.