பிள்ளைக்காக டூட்டி மாற்றம்: "காலை மட்டும்" கேட்பதா, ஜோடி சேர்த்துக் கேட்பதா?

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை. 20 படுக்கை வார்டு, 9 ஸ்டாஃப் நர்ஸ். காலை 7 முதல் 2 வரை 3 பேர், மதியம் 2 முதல் 9 வரை 2 பேர், இரவு 9 முதல் காலை 7 வரை 2 பேர். இந்த ஒன்பது பேரில் ஒருவர் கோட்டையூரிலிருந்து வருகிறார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மகன் எல்கேஜி. பள்ளி வேன் காலை 8.20க்கு ஏற்றும், மதியம் 3.40க்கு இறக்கும். அப்பத்தா காலையில் வந்து இட்லி கொடுத்து வேனில் ஏற்றிவிடுவார். விளக்கு வைத்த பிறகு அவருக்குக் கண் தெரியாது, பையனை வைத்துக்கொள்ள முடியாது. ஆக இவருக்குச் சிக்கல் மதியமும் இரவும்தான்.

கேட்க நான்கு வழி இருக்கிறது. இரண்டைச் சீக்கிரமே தள்ளிவிடலாம்.

9 மணிக்கு வந்து 4 மணிக்குப் போகிறேன் என்பது முதல் வழி. வார்டில் 7 முதல் 9 வரைதான் வேலை குவியும்: இரவு ஆளிடம் ஒப்படைப்பு வாங்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின், 8 மணி மருந்து, பின்னாலேயே டாக்டர் ரவுண்ட்ஸ். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. அதோடு 4 மணிக்குக் கிளம்பினால் வேன் முந்திவிடும்.

நிரந்தர இரவு டூட்டி இரண்டாவது வழி. பிள்ளை தூங்கும் நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டும், இவருக்கு அதுதான் இல்லை. அம்மாவோ மாமியாரோ கூடவே இருக்கும் வீட்டுக்கு இது ஒத்துவரலாம். ஒன்றிரண்டு பேரைப் பார்த்ததை வைத்துச் சொன்னால், அவர்களுக்கும் பள்ளி விடுமுறை மாதத்தில் பகல் தூக்கம் கெட்டுத்தான் போகிறது.

மிஞ்சுவது இரண்டு. பெரும்பாலோர் கேட்பது "எனக்குக் காலை மட்டும் போடுங்க மேடம்". சூப்பரின்டெண்ட் ஏன் தயங்குகிறார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு வாரத்தில் இந்த வார்டுக்கு 84 காலை, 56 மதியம், 56 இரவு டூட்டி. மதியமும் இரவும் சேர்த்து 112. ஒன்பது பேர் பங்கிட்டால் ஆளுக்கு 12 அல்லது 13. ஒருவர் விலகினால் மற்ற எட்டுப் பேருக்கும் 14. அடுத்த மாதமே இன்னொரு தாய் இதையே கேட்டால் ஏழு பேருக்கு 16. அவர் பயப்படுவது இந்த இரண்டாவது கோரிக்கைக்குத்தான். முதலாமவருக்குச் சரி என்றுவிட்டால் அடுத்தவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது.

இன்னொன்று ஜோடி சேர்த்துக் கேட்பது: நம் மதியத்தையோ இரவையோ வாங்கிக்கொண்டு தன் காலையைத் தரச் சம்மதிக்கும் தோழியை முதலில் பிடித்து, இருவருமாகப் போய்க் கேட்பது. அப்படிக் கேட்டால் இந்தச் சுமை மற்ற யார் தலையிலும் விழாது. அதனால் நான் இதன் பக்கம்தான். ஆனால் இதில் பலர் சறுக்குவது, ஒரே தோழியிடம் மதியம், இரவு இரண்டையும் மொத்தமாகத் தள்ளுவதில். ஒருவருக்கு மாதம் சுமார் 9 காலை, 6 மதியம், 6 இரவு வருகிறது. இவருடைய பன்னிரண்டையும் ஒரே ஆள் வாங்கினால் அவருக்குக் காலை டூட்டியே இருக்காது. நட்புக்காக ஒப்புக்கொள்வார், இரண்டாம் மாதம் முகம் மாறும். எனவே மதியத்துக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு ஜோடி தேட வேண்டும். காலையில் படிக்கப் போகிறவருக்கோ பகலில் வயலைப் பார்க்கிறவருக்கோ மதிய டூட்டி வசதி. இரவுக்குத் தனிப்படி உண்டென்றால் அதற்கும் ஆள் கிடைக்கும். "அக்கா, எனக்காகப் பாருங்கக்கா" என்று ஆரம்பிக்காமல், "உங்களுக்கு எந்த டூட்டி தோதுக்கா?" என்று கேட்டால் நிலைக்கிற ஜோடி அமையும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது மணிக்கணக்கு. மதியமும் காலையும் ஏழேழு மணி நேரம், அதனால் ஒன்றுக்கு ஒன்று சரி. இரவு பத்து மணி நேரம். 6 இரவை வாங்கிக்கொண்டு 6 காலையைக் கொடுத்தால் இரவுத் தோழிக்கு மாதம் 18 மணி நேரம் கூடும். லீவு போட்டவருக்குப் பதில் வரும் நாளையும் சேர்த்தால் வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்டிவிடும். சம்பளம் போடும் இடத்தில் இதைக் கண்டுபிடித்ததும் மாற்றம் ரத்தாகும். ஆகவே 2 இரவுக்கு 3 காலை என்று பேச வேண்டும். 6 இரவுக்கு 9 காலை. அப்போது இவருடைய மாதம், சொந்தக் காலை 9, மதியத் தோழி தரும் 6, இரவுத் தோழி தரும் 9 சேர்ந்து 24 காலை, அதாவது 168 மணி நேரம். இரவுத் தோழிக்கு 12 இரவும் 6 மதியமும், 162 மணி நேரம். மதியத் தோழிக்கு 3 காலை, 12 மதியம், 6 இரவு. வார்டில் ஒரு டூட்டியும் காலியாக இல்லை.

இதில் ஒரு இழப்பு உண்டு. வாரம் ஆறு நாளும் நிரம்பிவிடுவதால் இவருக்குக் கையிருப்பு நாள் கிடையாது. பையனுக்குக் காய்ச்சல் வந்தால் யார்? இரவுத் தோழிக்கு 18 டூட்டிதான், நாள் மிச்சம் இருக்கிறது. மாதம் 3 காலை வரை அவர் வருவார் என்று எழுதிக்கொண்டாலும் அவருக்கு 183 மணி நேரம்தான் ஆகும். ஆனால் இரவு முடித்துக் காலை 7க்கு இறங்கிய அன்றே அவரைக் கூப்பிட முடியாது. அந்த நாட்களில் மதியத் தோழி வருவார் என்று பெயரோடு குறிக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும், அதோடு நான்கு வாரப் பட்டியலைப் பேர் போட்டு நிரப்பி இணைக்க வேண்டும். நிரப்பும்போது பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேரையும் இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள். இரவுக்கு அடுத்த கட்டத்தில் அதே பேர் மதியத்திலோ காலையிலோ வந்தால் பட்டியல் தப்பு. ஜோடி மாற்றத்தில் இந்தத் தப்பு அடிக்கடி வரும். அதைச் சூப்பரின்டெண்ட் முதல் பார்வையிலேயே பிடிப்பார்.

கடிதத்தின் நடு வரிகள் இப்படி இருக்கலாம்:

"வரும் 1ஆம் தேதி முதல் 8 வாரத்துக்கு, இணைத்துள்ள பட்டியல்படி என் மதிய டூட்டிகளையும் இரவு டூட்டிகளையும் கீழே கையெழுத்திட்ட இருவரும் பார்ப்பார்கள். அவர்களுடைய காலை டூட்டிகளை நான் பார்ப்பேன். மதிய ஆள் வரத் தாமதமானால் 2.30 வரை இருந்து ஒப்படைத்துவிட்டே போவேன். இருவரில் யார் விலக விரும்பினாலும் 15 நாள் முன்பு தெரிவித்துப் பழைய பட்டியலுக்குத் திரும்புவோம்."

2.30 என்பது பார்த்துப் போட்ட நேரம். அப்போது கிளம்பினாலும் டவுன் பஸ்ஸில் 3.40க்குள் கோட்டையூர் போய்விடலாம். 8 வாரம் என்று முடிவு தேதி போட்டால் கையெழுத்து எளிதில் விழும். "நிரந்தரமாக" என்ற சொல்லைப் பார்த்தாலே கோப்பு மேலே போய்த் தங்கிவிடும்.

நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் சின்ன நர்சிங் ஹோமுக்கு இது பொருந்தாது, அங்கே இரண்டு ஜோடி தேற மாட்டார்கள். ஐசியு மாதிரிப் பிரிவில் ஜோடியும் அதே பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். 8 வாரம் மாசி, பங்குனியில் விழுந்தால் முத்துமாரியம்மன் திருவிழா நாட்களுக்குப் பட்டியலைத் தனியாகப் போடுங்கள். பால்குடத்தன்று இரண்டு தோழிகளும் ஒரே நேரத்தில் லீவு கேட்பார்கள். அன்று மதியத்தை நானே பார்க்கிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மாலையில் பையனை வைத்துக்கொள்ள பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க வேண்டும்.