சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தாவுகிறதா? சார்ஜர், கேபிள், பவர் பேங்க், லேப்டாப்: எது உதவும்?

சார்ஜரைக் கழற்றினால் போன் ஒழுங்காக இருக்கிறது. சொருகினால் தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று; டைப் செய்தால் பக்கத்து எழுத்து விழுகிறது. கடைக்குப் போனால் "டிஸ்ப்ளே மாத்தணும்" என்பார்கள். சார்ஜரைக் கழற்றியதும் சரியாகிற கோளாறுக்கு டிஸ்ப்ளே மாற்றுவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

காரணம் இதுதான். சார்ஜருக்குள் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. அதன் இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் நெருக்கமாக இருப்பதால், அந்த வெட்டலின் அதிர்வு கொஞ்சம் வெளிப்பக்கத்துக்கும் கசியும். நல்ல சார்ஜரில் அதைத் திருப்பி அனுப்ப ஒய் கெபாசிட்டர் என்ற சிறு பாகம் இருக்கும், டிரான்ஸ்பார்மரில் தடுப்புச் சுற்றும் இருக்கலாம். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இவற்றில்தான்.

அப்போது 5 வோல்ட் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். இரண்டுக்கும் இடையில் 5 வோல்ட் அப்படியே இருப்பதால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சார்ஜும் ஏறும். சிக்கல் விரல் வைக்கும்போதுதான். நம் உடம்பு தரையோடு சேர்ந்து நிற்கிறது, போன் ஆடுகிறது. அலையில் ஏறி இறங்கும் படகில் இருப்பவர் கரையிலிருந்து நீளும் கையைப் பிடிக்கப் பார்ப்பது மாதிரி. விரலால் வரும் மிகச் சிறிய மின் மாற்றத்தைத்தான் திரை அளக்கிறது. அந்த விரல் வழியாகவே இரைச்சலும் உள்ளே போகிறது. அதனால் பொய்த் தொடுகைகள் பெரும்பாலும் விரல் இருக்கும் அதே வரிசையில் மேலேயோ கீழேயோ வரும். யாரும் தொடாமல் மேஜையில் கிடக்கும்போது திரை அமைதியாக இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Pointer location-ஐ இயக்குங்கள். சார்ஜில் போட்ட போனை மரமேஜையில் வைத்து ஒரே விரலால் மெதுவாகக் கோடு இழுங்கள். மேலே P: 1 / 1 என்று நின்று கோடு நேராக வந்தால் நலம். ஒரு விரலுக்கு P: 1 / 3 என்று ஏறி, கோடு பல்பல்லாக வந்தால் இரைச்சல்தான். அப்புறம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இழுங்கள். பெரும்பாலும் குறையும், ஏனென்றால் இப்போது உடம்பும் போனோடு சேர்ந்தே ஆடுகிறது.

இனி வழிகளுக்கு வருவோம். புது கேபிள் பலரும் முதலில் வாங்குவது, எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆட்டம் கிரவுண்ட் கம்பியிலும் இருப்பதால் தடித்த கேபிளும் அதை அப்படியே சுமந்து வரும். கேபிளில் மாட்டும் பெரைட் உருண்டை மெகாஹெர்ட்ஸ் அளவு இரைச்சலுக்குத்தான் நன்றாக வேலை செய்யும்; திரையைக் குழப்புவது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அதிர்வெண்.

பவர் பேங்க் சுவரோடு தொடர்பே இல்லாதது என்பதால் சோதனைக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. அதில் போட்டுத் தாவல் நின்றால் குற்றவாளி சார்ஜர். ஆனால் பவர் பேங்கையே அந்த மலிவு சார்ஜரில் சொருகிக்கொண்டு போனையும் மாட்டினால், கிரவுண்ட் வழியாக ஆட்டம் மறுபடி வந்துவிடும்.

லேப்டாப் யூஎஸ்பி பேட்டரியில் ஓடும்போது பவர் பேங்க் போலவே. மூன்று முள் அடாப்டரில் ஓடினாலும் எர்த் ஒழுங்காக இருந்தால் நல்லதே. நம் வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத பிளக் பாயின்ட்டுகள் உண்டு, அங்கே இந்தப் பலன் கிடைக்காது. மெதுவாகவும் ஏறும்: பழைய யூஎஸ்பி 2 போர்ட் வழக்கமாகத் தருவது 500 மில்லி ஆம்பியர்தான்.

நிரந்தரத் தீர்வு நல்ல சார்ஜர்தான். போன் கம்பெனியின் சொந்த சார்ஜர், அல்லது தெரிந்த பிராண்டு. பிஐஎஸ் முத்திரையோடு இருக்கும் R எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள். அது பாதுகாப்புக்கான பதிவு, திரை தாவாது என்பதற்கான சான்று அல்ல. ஆனால் ஒய் கெபாசிட்டர் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பும் முக்கியம். மலிவு சார்ஜர் சிலவற்றில் அந்த இடத்தில் சாதாரண கெபாசிட்டரைப் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் வீட்டு மின்சாரமே போன் வரை வந்துவிடும்.

வாங்கியதும் அதே கோடு சோதனையைச் செய்யுங்கள், பேட்டரி 30 சதவீதத்தில் ஒரு முறை, 90-க்கு மேல் ஒரு முறை. இழுக்கும் மின்னோட்டம் மாறினால் பல சார்ஜர்களின் அதிர்வெண்ணும் மாறும், அதனால் ஒரு நிலையில் ஒழுங்காக இருப்பது இன்னொன்றில் தாவலாம். பவர் பேங்கிலும், சார்ஜே இல்லாமலும் கோடு உடைந்தால் மட்டும் டிஸ்ப்ளே பற்றிப் பேசக் கடைக்குப் போங்கள்.