ஜினி எண் போதுமா, லோரன்ஸ் வளைகோடும் வேண்டுமா?

அமெரிக்காவில் 1980-க்கும் 2010-க்கும் இடையே குடும்ப வருமான ஏற்றத்தாழ்வு எவ்வளவு கூடியது என்று சென்ற பருவத்தில் வகுப்பில் காட்ட வேண்டியிருந்தது. முழுச் சமத்துவத்தில் 0, எல்லா வருமானமும் ஒருவரிடமே இருந்தால் 1 என்று வரும் ஜினி கெழு என்றால் ஆண்டுக்கு ஓர் எண்ணோடு வேலை முடிந்துவிடும். ஏழைகளிலிருந்து தொடங்கி வருமானப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே போய்ப் புள்ளி வைக்கும் லோரன்ஸ் வளைகோட்டை வரைய நேரம் பிடிக்கும். ஆனாலும் நான் வளைகோட்டின் பக்கம்தான் சாய்ந்தேன்.

அங்குள்ள சென்சஸ் பீரோ குடும்பங்களை வருமான வரிசையில் ஐந்து சம கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் பங்கையும் தருகிறது. 1980-இல் அவை 4.2, 10.2, 16.8, 24.7, 44.1 சதவீதம். கூட்டிக்கொண்டே போனால் 4.2, 14.4, 31.2, 55.9, 100. புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, கீழே விழும் பரப்பிலிருந்து ஜினியைக் கணக்கிடலாம்:

```
G = 1 − 0.2 × [2 × (0.042 + 0.144 + 0.312 + 0.559) + 1] = 0.377
```

2010-இல் முதல் நான்கு கூறுகளின் பங்கு 3.3, 8.5, 14.6, 23.4. அதே வழியில் போட்டால் 0.435. ஏற்றம் 0.058.

ஆனால் பீரோ வெளியிட்ட ஜினி 1980-க்கு 0.403, 2010-க்குச் சுமார் 0.47. நம் விடை இரண்டுமே குறைவு. நேர்கோடு போட்டால் ஒரு கூறுக்குள் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே வருமானம் என்று ஆகிவிடும். வசதியான டாக்டரும் கோடீஸ்வரரும் சமம். இரண்டு ஆண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் போக்காவது கெடாமல் இருந்திருக்கும். ஆனால் 1980-இல் குறைவு 0.026, 2010-இலோ 0.035. ஏற்றத்திலேயே ஒரு பகுதியை ஐந்து கூறுகளாகத் தொகுத்தது விழுங்கிவிட்டது.

0.435 என்ற எண்ணை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. வரைந்து பார்த்தால் 49.8-இலிருந்து 100 வரை, நாட்டு வருமானத்தில் பாதியை ஒரே நேர்கோடு தூக்கிக்கொண்டு போவது கண்ணில் குத்தும்.

பரிகாரமும் அதே அட்டவணையில் இருக்கிறது. மேல்மட்ட 5 சதவீதக் குடும்பங்களின் பங்கு 1980-இல் 16.5, 2010-இல் 21.3. ஆகவே 95-ஆம் இடத்தில் 83.5, 78.7 என்று புள்ளி வைத்துக் கடைசிக் கோட்டை இரண்டாக உடைத்தேன். ஜினி 0.388, 0.452 ஆனது, ஏற்றம் 0.064. ஒரே ஒரு புள்ளி செய்த வேலை!

பல நாடுகளை வரிசைப்படுத்தவோ நாற்பது ஆண்டுகளை ஒரே வரைபடத்தில் ஓட்டவோ ஜினிதான் வசதி, மறுக்கவில்லை. 'இத்தனை டாலருக்கு மேல்' என்று மேல் எல்லை இல்லாமல் முடியும் வருமான வகுப்புகளோடு நான் அதிகம் மல்லுக்கட்டியதில்லை. அங்கே கடைசி வகுப்பின் சராசரி கிடைக்காவிட்டால் வளைகோட்டின் மேல்முனையும் ஊகம்தான்.

1970-ஐயும் வரைந்து பாருங்கள். குவிந்த பங்குகள் 4.1, 14.9, 32.3, 56.8. முதல் புள்ளியில் 1980-இன் கோடு மயிரிழை மேலே; அடுத்ததிலிருந்து கீழே. அந்த 0.1 வெறும் மாதிரிப் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், 'ஜினி 0.394-இலிருந்து 0.403 ஆனது' என்பதை 'கடைநிலையினரின் பங்கு சரிந்தது' என்று மாணவர்கள் படிப்பதை நான் இப்போது விடுவதில்லை.